காரணி கூடினால் அனுமானம் ஏன் குறைகிறது? கேப்எம்-மும் ஏபிடி-யும், இரண்டு காரணிகளை வைத்து

கேள்வி: "ஆர்பிட்ராஜ் விலைக் கோட்பாட்டுக்குக் கேப்எம்-ஐ விடத் தளர்வான அனுமானங்களே போதும் என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டிலும் பீட்டா இருக்கிறது, இரண்டும் நேர்கோடுதான். ஒன்றில் ஒரே காரணி, இன்னொன்றில் பல. காரணியைக் கூட்டினால் அனுமானமும் கூடத்தானே வேண்டும்? இரண்டு காரணிகளை வைத்து யாராவது விளக்குங்களேன்."

காரணிகளின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் குழப்பம் தீராது. ரிஸ்குக்கு ஏற்ப எதிர்பார்ப்பு வருமானம் கூடுவதைக் காட்டும் அந்த நேர்கோடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. கேப்எம் என்னும் மூலதனச் சொத்து விலை மாதிரியில் அது மனிதர்களின் விருப்பத்திலிருந்து வருகிறது: எல்லா முதலீட்டாளர்களும் இன்ன விதமாகத் தேர்ந்தெடுப்பார்கள், அப்படித் தேர்ந்தெடுத்த பிறகு சந்தை சமநிலைக்கு வரும், அந்தச் சமநிலையில் விலைகள் இப்படி இருக்கும் என்பது அதன் வாதம். ஏபிடி-யில், அதாவது ஆர்பிட்ராஜ் விலைக் கோட்பாட்டில், நேர்கோடு கூட்டல் கழித்தலிலிருந்து வருகிறது: ஒரே ரிஸ்க் உள்ள இரண்டு முதலீடுகளுக்கு இரண்டு விலை நிலைக்காது என்பது மட்டுமே அதன் வாதம். பல வருடம் இந்தப் பாடத்தை எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

முதலில் கேப்எம்-ஐ அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம். ஷார்ப் 1964-லும், லின்ட்னர் 1965-லும், மோசின் 1966-லும் வெளியிட்ட கட்டுரைகளில் இந்த வாதம் உருவானது. ஒவ்வொரு முதலீட்டாளரும் ஒரு போர்ட்ஃபோலியோவின் சராசரி வருமானத்தையும், அது எவ்வளவு ஏறி இறங்கும் என்று காட்டும் மாறுபாட்டையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார் என்று தொடங்குகிறோம். இதுவே சாதாரணமான அனுமானம் இல்லை. ஒருவர் உண்மையில் அப்படி நடந்துகொள்ள வேண்டுமென்றால், ஒன்று பணம் அவருக்கு எவ்வளவு மனநிறைவு தரும் என்று காட்டும் பயன்பாட்டுச் சார்பு இருபடிச் சார்பாக இருக்க வேண்டும், அல்லது வருமானங்கள் இயல்நிலைப் பரவலையோ அதன் உறவுக்காரப் பரவல்களையோ பின்பற்ற வேண்டும். அடுத்து, எல்லோரும் எல்லாச் சொத்துகளைப் பற்றியும் ஒரே எதிர்பார்ப்பு வைத்திருக்கிறார்கள், ஒரே காலக்கெடுவுக்கு முதலீடு செய்கிறார்கள், ஒரே வட்டியில் வேண்டிய அளவு கடன் வாங்கவும் கொடுக்கவும் முடியும் என்கிறோம். அப்படியானால் எல்லோருக்கும் சிறந்ததாகப் படும் பங்குக் கலவை ஒன்றேதான். எல்லோரும் அதே கலவையைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றால், சந்தையில் உள்ள எல்லாப் பங்கும் யாரோ ஒருவர் கையில் இருந்தே ஆக வேண்டும் என்பதால், அந்தக் கலவை சந்தை போர்ட்ஃபோலியோவாகத்தான் இருக்க முடியும். ஆகவே சந்தை போர்ட்ஃபோலியோ திறன்மிக்கது, அதாவது அதே மாறுபாட்டுக்கு அதைவிட அதிக எதிர்பார்ப்பு வருமானம் வேறெதிலும் கிடைக்காது. இதற்கு மேல், ஒரு பங்கு சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் பீட்டாவை வைத்து அதன் எதிர்பார்ப்பு வருமானத்தைச் சொல்லும் சமன்பாடு வெறும் இயற்கணிதம்தான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டுப் பாருங்கள். ரிஸ்க் இல்லாத வட்டியில் கடன் வாங்க முடியாது என்றால் சமாளிக்கலாம். 1972-இல் பிளாக், பீட்டா பூஜ்யமாக உள்ள ஒரு போர்ட்ஃபோலியோவை அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். ஆனால் எதிர்பார்ப்புகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டால், அல்லது சிலர் சராசரி, மாறுபாடு தவிர வேறொன்றையும் பார்த்தால், எல்லோரும் ஒரே கலவையை வைத்திருக்க மாட்டார்கள். அப்போது சந்தை போர்ட்ஃபோலியோ திறன்மிக்கது என்று சொல்ல நம்மிடம் காரணம் இல்லை. நேர்கோடும் போய்விடுகிறது.

சரி, இப்போது ஏபிடி. ராஸ் 1976-இல் முன்வைத்த இந்தக் கோட்பாடு மனிதர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல், வருமானம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. இரண்டு காரணிகள் என்றால் இப்படி எழுதலாம்:

r = E + b₁F₁ + b₂F₂ + e

E என்பது எதிர்பார்ப்பு வருமானம். F₁, F₂ இரண்டும் எதிர்பாராத செய்திகள், அதனால் அவற்றின் சராசரி பூஜ்யம். நம் உதாரணத்துக்கு F₁ என்பது தொழில் உற்பத்தி எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடியது என்றும், F₂ என்பது நீண்டகால வட்டி எதிர்பார்த்ததைவிட எவ்வளவு இறங்கியது என்றும் வைத்துக்கொள்வோம். b₁, b₂ இரண்டும் அந்தச் செய்திகள் இந்தச் சொத்தை எவ்வளவு ஆட்டும் என்று காட்டும் எண்கள். e என்பது அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் நேரும் நல்லது கெட்டது. ஒரு நிறுவனத்தின் e-க்கும் இன்னொன்றின் e-க்கும் தொடர்பில்லை.

முதலில் நன்றாகப் பரவலாக்கிய போர்ட்ஃபோலியோக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றில் ஏராளமான பங்குகள் இருப்பதால் e-க்கள் ஒன்றையொன்று அடித்துப்போட்டு மறைந்துவிடும். ரிஸ்க் இல்லாத வட்டி 4 சதவீதம். அ என்ற போர்ட்ஃபோலியோவுக்கு b₁ = 1, b₂ = 0.5, எதிர்பார்ப்பு வருமானம் 11 சதவீதம். ஆ என்ற போர்ட்ஃபோலியோவுக்கு b₁ = 0.5, b₂ = 1.5, எதிர்பார்ப்பு வருமானம் 10 சதவீதம். இந்த மூன்றும் சந்தையில் நாம் பார்க்கும் தகவல்கள், அவ்வளவுதான்.

இப்போது இ என்று மூன்றாவது போர்ட்ஃபோலியோ வருகிறது. அதன் b₁ = 0.7, b₂ = 0.6. அதன் எதிர்பார்ப்பு வருமானம் எவ்வளவு இருக்க வேண்டும்? இதே ரிஸ்கை நாமே கலந்து செய்ய முடியுமா என்று பார்ப்போம். 100 ரூபாயில் 60-ஐ அ-விலும், 20-ஐ ஆ-விலும், மீதி 20-ஐ ரிஸ்க் இல்லாத வட்டியிலும் போடுங்கள். முதல் காரணிக்கு 0.6 × 1 + 0.2 × 0.5 = 0.7. இரண்டாவதற்கு 0.6 × 0.5 + 0.2 × 1.5 = 0.6. அச்சு அசலாக இ-யின் ரிஸ்க். இந்தக் கலவையின் எதிர்பார்ப்பு வருமானம் 6.6 + 2 + 0.8 = 9.4 சதவீதம். ஆகவே இ-யும் 9.4 சதவீதம்தான் தர முடியும்.

அதற்குப் பதிலாக இ 11 சதவீதம் தரும் விலையில் கிடைக்கிறது என்று வையுங்கள். நான் அ-வை 60 ரூபாய்க்கும் ஆ-வை 20 ரூபாய்க்கும் ஷார்ட் அடித்து, அதாவது என்னிடம் இல்லாததை இரவல் வாங்கி விற்று, 20 ரூபாய் கடன் வாங்கி, வந்த 100 ரூபாயை இ-யில் போடுகிறேன். என் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. அப்புறம் என்ன நடந்தாலும் பாருங்கள். உற்பத்தி எதிர்பார்த்ததைவிட 3 புள்ளி குறைந்து, வட்டிக் காரணி 2 புள்ளி சாதகமாக வந்தால், இ தருவது 11 − 2.1 + 1.2 = 10.1. அ 9, ஆ 11.5 தருகின்றன, ஆகவே நான் திருப்பித் தர வேண்டியது 5.4 + 2.3 + 0.8 = 8.5. மிச்சம் 1.6. நிலைமை மோசமாகி F₁ = −10, F₂ = −5 என்று வந்தாலும், இ 1 சதவீதம் தரும், அ −1.5, ஆ −2.5. நான் திருப்பித் தர வேண்டியது −0.9 − 0.5 + 0.8 = −0.6, அதாவது அந்தப் பக்கத்திலும் எனக்கே 0.6 வருகிறது. மிச்சம் மறுபடியும் 1.6. வேறு எந்த எண்ணைப் போட்டாலும் இதே 1.6தான் வரும், வேண்டுமானால் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

ஆர்பிட்ராஜ் எனப்படும் இப்படிப்பட்ட இலவச லாபம் நிலைக்காது என்றால், பரவலாக்கிய ஒவ்வொரு போர்ட்ஃபோலியோவும் ஒரே சமன்பாட்டில் உட்கார வேண்டும். அ-வையும் ஆ-வையும் வைத்துத் தீர்த்தால் கிடைப்பது:

E = 4 + 6b₁ + 2b₂

உற்பத்தி ரிஸ்க் ஒரு அலகுக்கு 6 சதவீதப் பிரீமியம், அதாவது அந்த ரிஸ்கை ஏற்பதற்கான கூடுதல் வருமானம், வட்டி ரிஸ்க் ஒரு அலகுக்கு 2 சதவீதம். இ-க்கு 4 + 4.2 + 1.2 = 9.4, சரியாக வருகிறது.

இந்தக் கணக்கில் எதையெல்லாம் பயன்படுத்தினோம் என்று திரும்பிப் பாருங்கள். யாருடைய பயன்பாட்டுச் சார்பும் வரவில்லை. வருமானங்கள் எந்தப் பரவலைப் பின்பற்றுகின்றன என்று கேட்கவே இல்லை. சந்தை போர்ட்ஃபோலியோ எது என்ற கேள்வி எழவில்லை. யாரும் சமநிலையைப் பற்றிப் பேசவில்லை. தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: இலவசமாக வரும் 1.6 ரூபாயை வேண்டாம் என்று சொல்லாத ஒரு மனிதர். அவர் ரிஸ்குக்குப் பயப்படுபவரா, துணிந்தவரா என்பது பொருட்டே இல்லை, ஏனென்றால் அவர் எடுக்கும் நிலையில் ரிஸ்க் இல்லை.

அந்த "ஒரு மனிதர்" என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேப்எம்-இல் ஒரு பங்கின் விலை தவறினால், ஒவ்வொரு முதலீட்டாளரும் தன் கலவையைக் கொஞ்சம் மாற்றுவார். அந்தச் சின்னச் சின்ன மாற்றங்கள் எல்லாம் சேர்ந்துதான் விலையைத் திருத்தும், அதனால்தான் எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆர்பிட்ராஜில், விஷயம் தெரிந்த, கையில் வசதி உள்ள ஒருசிலர் போதும். ரிஸ்க் இல்லாததால் அவர்கள் எவ்வளவு பெரிய நிலை வேண்டுமானாலும் எடுப்பார்கள், விலை திருந்தும் வரை. மற்றவர்கள் தப்புத் தப்பாக யோசித்தாலும் கெட்டுப்போவதில்லை.

இனி, கேட்காத ஒரு பாதிக்கும் பதில் சொல்லியாக வேண்டும்: குறைவாக அனுமானித்தால் முடிவும் குறைவாகத்தான் கிடைக்கும். ஏபிடி அந்த 6-ஐயும் 2-ஐயும் ஏன் என்று விளக்கவில்லை. அ, ஆ இரண்டின் விலையிலிருந்து அவற்றைப் படித்தெடுத்தோம், அவ்வளவுதான். 6-க்குப் பதில் 3 இருந்தாலும், ஒரு பிரீமியம் எதிர்மறையாக இருந்தாலும், ஏபிடி-க்கு ஆட்சேபணை இல்லை. கேப்எம் அப்படி விடாது. அது எவ்வளவு அதிகமாகச் சொல்கிறது என்று அதே உலகத்தில் வைத்துப் பார்ப்போம்.

சந்தை போர்ட்ஃபோலியோவுக்கு b₁ = 1, b₂ = 1 என்று கொள்வோம். இரண்டு காரணிகளுக்கும் தொடர்பில்லை. F₁-இன் திட்ட விலக்கம் 4, F₂-இன் திட்ட விலக்கம் 3. சந்தையின் மாறுபாடு 16 + 9 = 25. சந்தையின் எதிர்பார்ப்பு வருமானம் 4 + 6 + 2 = 12, பிரீமியம் 8. இப்போது உற்பத்தி ரிஸ்க் மட்டும் ஒரு அலகு உள்ள போர்ட்ஃபோலியோவின் சந்தை பீட்டா 16/25 = 0.64. கேப்எம் அதற்குச் சொல்லும் வருமானம் 4 + 0.64 × 8 = 9.12. ஏபிடி சொல்வது 10. வட்டி ரிஸ்க் மட்டும் உள்ளதன் பீட்டா 9/25 = 0.36, கேப்எம் சொல்வது 6.88, ஏபிடி சொல்வது 6.

இந்த இரண்டில் எது சரி என்று அவசரப்பட வேண்டாம். நம் உலகத்தில் 10-ம் 6-ம்தான் உண்மையான எதிர்பார்ப்பு வருமானங்கள், அங்கே ஆர்பிட்ராஜ் எதுவும் இல்லை. ஆனாலும் கேப்எம் அங்கே பொய்க்கிறது. கேப்எம்-மும் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் பிரீமியங்கள் 6-ம் 2-மாக இருக்க முடியாது, 5.12-ம் 2.88-மாகத்தான் இருக்க வேண்டும். கூட்டினால் அதே 8தான், ஆனால் பங்கு பிரிப்பு மாறிவிட்டது. அதாவது, ஒவ்வொரு காரணியும் சந்தையின் மாறுபாட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதே விகிதத்தில்தான் பிரீமியம் பெற வேண்டும் என்று கேப்எம் கட்டளையிடுகிறது. உற்பத்தி சரியும்போது மக்களின் வேலையும் சேர்ந்து போகலாம், அதனால் அந்த ரிஸ்குக்குக் கூடுதல் பிரீமியம் கேட்கலாம் என்ற சாத்தியத்தை அது மூடிவிடுகிறது. அந்தக் கூடுதல் கட்டளைக்குத்தான் அவ்வளவு கூடுதல் அனுமானங்கள் செலவாகின்றன. ஆகவே "காரணி கூடினால் அனுமானம் கூட வேண்டாமா" என்பதற்குப் பதில் இதுதான்: காரணியைக் கூட்டுவது பிரீமியங்களைச் சுதந்திரமாக விடுவது, ஒரே பீட்டாவுக்குள் அடக்குவதுதான் கட்டுப்பாடு.

இதுவரை சொன்னது பரவலாக்கிய போர்ட்ஃபோலியோக்களுக்கு உறுதி. தனித்தனிப் பங்குகளுக்கு வந்தால் பிடி தளர்கிறது. ஒவ்வொரு பங்கின் e-க்கும் திட்ட விலக்கம் 30 சதவீதம் என்று வையுங்கள். ஒரே ஒரு பங்கு மட்டும் சமன்பாட்டிலிருந்து 2 சதவீதம் விலகியிருந்தால், காரணிகளை ஈடுகட்டிவிட்ட பிறகும் என் கையில் 2 சதவீத லாபமும் 30 சதவீத ஆட்டமும் இருக்கும். இது ஆர்பிட்ராஜே அல்ல, சூதாட்டத்துக்குப் பக்கம். அப்படி விலகிய பங்குகள் 100 இருந்து சமமாகப் பிரித்துப் போட்டால் ஆட்டம் 30/10 = 3 சதவீதம்; லாபம் அதே 2. 2,500 பங்குகள் விலகியிருந்தால் ஆட்டம் 0.6 சதவீதம். இப்போதுதான் ஆர்பிட்ராஜ் என்று சொல்லத்தக்க ஒன்று வருகிறது. ஆகவே ராஸின் தேற்றம் சொல்வது, சொத்துகளின் எண்ணிக்கை எல்லையில்லாமல் கூடும்போது எல்லா விலகல்களின் வர்க்கங்களையும் கூட்டினாலும் ஒரு வரம்பைத் தாண்டாது என்பதுதான். பெரும்பாலான பங்குகள் கோட்டுக்கு அருகில் இருக்கும். இந்தக் குறிப்பிட்ட பங்கு கோட்டின் மேல் இருக்குமா என்று கேட்டால் தேற்றம் உறுதி தராது. கேப்எம் ஒவ்வொரு பங்குக்கும் சரிசமம் என்று சொல்கிறது, அந்த உறுதியையும் நாம் இங்கே விட்டுக்கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பங்குக்கும் அதே உறுதி ஏபிடி-யில் வேண்டுமென்றால், விருப்பங்களையும் சமநிலையையும் பற்றிய அனுமானங்களை மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். "தளர்வான அனுமானம்" என்பது மனிதர்களைப் பற்றிய அனுமானங்களுக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் ஏபிடி-யின் அனுமானங்கள் கேப்எம்-இன் அனுமானங்களுக்குள் அடங்கிய ஒரு சிறு பகுதி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லா வருமானங்களும் ஒருசில காரணிகளின் நேரியல் கூட்டு, மிச்சமெல்லாம் பரவலாக்கினால் மறையும் என்ற அனுமானத்தைக் கேப்எம் கேட்பதே இல்லை. அது ஏபிடி மட்டும் கேட்பது. e-க்களுக்குள் துளியும் தொடர்பு கூடாது என்ற கடுமையைச் சேம்பர்லெய்னும் ராத்ஸ்சைல்டும் 1983-இல் தளர்த்தினார்கள், ஆனாலும் பரவலாக்கினால் மறைய வேண்டும் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. ஷார்ட் அடிக்க முடிய வேண்டும், தரகுச் செலவு லாபத்தைத் தின்றுவிடக் கூடாது என்பவை இரண்டுக்கும் பொது. 1.6 ரூபாய் லாபத்துக்கு 2 ரூபாய் செலவென்றால் இ-யின் எதிர்பார்ப்பு வருமானம் 11-இலேயே நின்றுவிடும், ஏபிடி-யால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆர்பிட்ராஜ் செய்பவர்களுக்குள் b எண்களைப் பற்றியாவது ஒத்த கருத்து வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கேப்எம்-ஐச் சோதிப்பதில் உள்ள தொல்லை வேறு மாதிரி. 1977-இல் ரோல் சுட்டிக்காட்டியபடி, உண்மையான சந்தை போர்ட்ஃபோலியோவில் நிலம், வீடு, மனிதர்களின் சம்பாதிக்கும் திறன் எல்லாம் அடங்க வேண்டும், அதை யாரும் அளந்ததில்லை. பங்குக் குறியீட்டை வைத்துச் சோதித்தால் அந்தக் குறியீட்டைத்தான் சோதிக்கிறோம். ஏபிடி இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்துவிடுகிறது, ஆனால் வேறொன்றில் மாட்டுகிறது: காரணிகள் எவை, எத்தனை என்று அது சொல்வதில்லை. சென், ரோல், ராஸ் மூவரும் 1986-இல் தொழில் உற்பத்தி, பணவீக்கம், நீண்டகால குறுகியகால வட்டிகளின் இடைவெளி, தரம் குறைந்த கடன் பத்திரங்களின் கூடுதல் வட்டி போன்றவற்றை எடுத்துச் சோதித்தார்கள். அந்தப் பட்டியல் பொருளாதார அறிவிலிருந்து வந்தது, தேற்றத்திலிருந்து வரவில்லை.

நம் உதாரணத்தில் இது எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். இ 11 சதவீதம் தந்தது, நாம் 1.6 இலவசம் என்றோம். உண்மையில் நாம் கவனிக்காத மூன்றாவது காரணி ஒன்று இருந்து, அதில் இ-க்கு மட்டும் b₃ = 1 ஆகவும், அ-வுக்கும் ஆ-வுக்கும் பூஜ்யமாகவும், அந்த ரிஸ்கின் பிரீமியம் 1.6 ஆகவும் இருந்தால்? 4 + 4.2 + 1.2 + 1.6 = 11. விலை முழுக்கச் சரி, ஆர்பிட்ராஜ் எதுவும் இல்லை. நான் இலவசம் என்று நினைத்து எடுத்த நிலை, மூன்றாவது காரணியின் மேல் கட்டிய பந்தயம். அந்தக் காரணி சரிந்த மாதத்தில் 1.6 வராமல் பெரிய நஷ்டம் வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஈடுகட்டிய நிலையின் மாத வருமானங்களை எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு காரணிகள் போதும் என்றால் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். அது ஏறி இறங்கினால், வேறு பங்குகளை வைத்துக் கட்டிய இன்னொரு ஈடுகட்டிய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் தொடர்பில்லாமல் ஆடினால் அது பரவலாக்கல் போதாத e. இரண்டும் ஒரே மாதங்களில் சேர்ந்து விழுந்தால், நீங்கள் விட்டுவிட்ட காரணி ஒன்று இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பல வருடத் தரவு வேண்டும், b எண்களும் அதற்குள் மாறாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டும் கிடைக்காத இடத்தில், விலகல் என்று தெரிவது தவறான விலையா, விடுபட்ட காரணியின் பிரீமியமா என்று தரவை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.